நிலநடுக்கத்தில் ஏறிய யென்

ஐயா,

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, அணு உலை விபத்து எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. அப்படிப்பட்ட நாட்டின் பணம் விழாமல் ஏறியது எப்படி? உலகம் ஜப்பானை அவ்வளவு நம்புகிறதா?
— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நம்பிக்கைக்கு இதில் பங்கு குறைவு. யென் ஏறியதற்கு முக்கியக் காரணம் கடன்.

ஜப்பானில் வட்டி பல ஆண்டுகளாகவே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. அதனால் அங்கே யென்னில் கடன் வாங்கி, வட்டி கூடுதலாகக் கிடைக்கும் நாட்டில் போடுவது பெரிய தொழிலானது. சந்தையில் இதற்குக் கேரி டிரேட் என்று பெயர். 2008 நடுவில் ஜப்பானில் வட்டி 0.5 சதவீதம், ஆஸ்திரேலியாவில் 7.25. கணக்கு எளிதாக இருக்க 7 என்றே வைப்போம்.

ஒருவர் 1 கோடி யென் கடன் வாங்குகிறார். ஆஸ்திரேலிய டாலர் 100 யென் என்றால் கையில் 1 லட்சம் டாலர். ஆண்டு முடிவில் அது 1,07,000 ஆகும். திருப்ப வேண்டியது 1 கோடியே 50 ஆயிரம் யென். டாலர் 100 யென்னிலேயே நின்றால் லாபம் 6.5 லட்சம். டாலர் 94 யென்னுக்குச் சரிந்தாலே லாபம் ஏறக்குறைய காலி. 2008 ஜூலையில் 100 யென்னுக்கு மேல் விற்ற ஆஸ்திரேலிய டாலர், அக்டோபர் இறுதியில் 60க்கும் கீழே போனது. 60 என்றே வைத்தாலும் 36 லட்சம் யென் நஷ்டம். இவர்களில் பலர் சொந்தப் பணத்தைப்போலப் பல மடங்குக்குக் கடன் வைத்திருந்தவர்கள்.

பயம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க ஓடுகிறார்கள். அடைப்பதற்கு யென் வாங்கியாக வேண்டும். வாங்க வாங்க அதன் விலை ஏறும், ஏறினால் அடுத்தவருக்கு நஷ்டம் கூடும், அவரும் வாங்குவார். ஜப்பானின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று இந்த வரிசையில் நிற்கும் யாரும் கேட்பதில்லை.

2011இல் இதோடு ஒரு வதந்தியும் சேர்ந்தது. இழப்பீடு கொடுக்க ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுச் சொத்தை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்றார்கள். ஜப்பானியர் வெளிநாட்டில் வைத்திருந்த சொத்து அவர்களது வெளிநாட்டுக் கடனைவிட மிக அதிகம் என்பதால் சந்தை அதை எளிதில் நம்பியது. நிலநடுக்கத்துக்கு முன் அமெரிக்க டாலருக்கு 83 யென் அளவில் இருந்தது, மார்ச் 17 அன்று 76.25ஐத் தொட்டது. ஒரு டாலருக்குக் குறைந்த யென் போதும் என்றால் யென் ஏறியது என்று பொருள். மறுநாள் ஜி7 நாடுகள் சேர்ந்து யென்னை விற்றுத்தான் அதைத் தணித்தன.

எல்லா நேரமும் இப்படியே நடக்கும் என்றில்லை. 2022இல் உக்ரைன் போர் வந்தும் யென் விழுந்தது. எரிபொருளை இறக்குமதி செய்யும் ஜப்பானுக்குச் செலவு எகிறியது, அமெரிக்க வட்டியும் ஏறிக்கொண்டே போனது. யென் கடனை வைத்திருப்பது அப்போது இன்னும் லாபமானதால் அடைக்க யாருக்கும் அவசரமில்லை. அக்டோபரில் அமெரிக்க டாலர் 150 யென்னைத் தாண்டியது.

ஆகவே பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியே வட்டியைக் குறைக்க வைக்கும் பயமென்றால் யென் ஏறும் வாய்ப்பு அதிகம். விலைவாசியும் வட்டியும் ஏறும் பயமென்றால் குறைவு. யென்னுக்கு எதிரான பந்தயம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை அமெரிக்காவின் முன்பேரச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான CFTC வாரந்தோறும் வெளியிடும் முன்பேர வர்த்தக அறிக்கையில் ஓரளவு பார்க்கலாம்.