மயிலிறகுக் காவடியைப் படத்திலிருந்து வெட்டி எடுப்பது எப்படி?

கேள்வி: பினாங்கு தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூசப் படம். மேலே வெளிறிய வானம், கீழே கூட்டம், நடுவில் மயிலிறகுக் காவடி. போட்டோஷாப்பில் Select Subject, Magic Wand இரண்டுமே இறகு நுனிகளைத் தின்றுவிடுகின்றன. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. வானத்தை ஒட்டிய விளிம்பைச் சேனலிலிருந்து எடுங்கள். கூட்டத்தை ஒட்டிய விளிம்பைக் குயிக் மாஸ்க்கில் கையால் வரையுங்கள்.

Ctrl+3, Ctrl+4, Ctrl+5 என்று அழுத்திச் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியே பாருங்கள். இந்த மாதிரிப் படத்தில் பெரும்பாலும் நீலம்தான் ஜெயிக்கும். வானம் வெள்ளையாகவும், தோலும் மஞ்சள் வேட்டியும் இருட்டாகவும் தெரியும். மஞ்சளில் நீலம் மிகக் குறைவு. ஆனால் கைப்பேசியில் எடுத்த ஜேபெக் என்றால் நீலச் சேனலில் புள்ளிகளும் கட்டங்களும் அதிகம் இருக்கும். பச்சையில் வேறுபாடு ஏறத்தாழ அதே அளவு இருந்தால் பச்சையே மேல்.

தேர்ந்த சேனலை முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலில் கை வைத்தால் படத்தின் நிறமே மாறிவிடும். நகலில் Ctrl+L அழுத்தி Levels-ஐத் திறந்து, வெள்ளை முனையை வானம் முழுக்க வெளுக்கும் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். கறுப்பு முனையை இறகின் நடுப்பகுதி கறுக்கும் வரை வலப்பக்கம். பலர் கெடுப்பது இங்கேதான். இரு முனைகளையும் நெருக்கிவிட்டால் இறகின் மெல்லிய இழைகள் அறுந்து, விளிம்பு ரம்பம்போல் ஆகும். இழைகளில் சாம்பல் இருக்கத்தான் வேண்டும். அதுதான் பாதி ஒளிபுகும் இடம். மிச்ச இருட்டைக் கூட்ட, பிரஷ்ஷின் மோடை Overlay ஆக்கிக் கறுப்பால் மெல்லத் தடவுங்கள். வெள்ளை வானம் அப்படியே நிற்கும், இருட்டு மட்டும் ஆழமாகும். திருநீறும் வெள்ளி வேலும் வானம்போலவே வெளுத்திருக்கும். அவற்றைச் சாதாரண மோடில் கறுப்பு பூசி மூடுங்கள்.

Ctrl+I கொடுத்துத் தலைகீழாக்கி, சேனலின் சிறுபடத்தை Ctrl பிடித்துச் சொடுக்கினால் தேர்வு வந்துவிடும். ஓடும் கோடு இறகு நுனிகளைச் சுற்றி வராது, பயப்பட வேண்டாம். பாதிக்கு மேல் தேர்வான இடத்தை மட்டுமே அது காட்டும், சாம்பல் இழைகளும் தேர்வுக்குள்தான் இருக்கின்றன.

இப்போது RGB-க்குத் திரும்பி, Q அழுத்திக் குயிக் மாஸ்க்குக்குள் போங்கள். தேர்வாகாத இடம் சிவப்பாக மூடியிருக்கும். காவடியே சிவந்திருந்தால் தலைகீழாக்க மறந்திருப்பீர்கள். கூட்டத்தில் இருட்டாயிருந்த தலைகளும் சட்டைகளும் தேர்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரம் 80% கடினமான பிரஷ்ஷால் வெள்ளை பூசினால் சேரும், கறுப்பு பூசினால் விலகும். இரண்டையும் மாற்ற X. பக்கத்தில் சிவப்புச் சட்டைகள் இருந்தால் மூடல் கண்ணுக்குத் தெரியாது. குயிக் மாஸ்க் பொத்தானை இருமுறை சொடுக்கி நிறத்தை நீலமாக்கிக்கொள்ளுங்கள். வானத்தை ஒட்டிய இறகுகளை மட்டும் இந்த பிரஷ்ஷால் தொடாதீர்கள்.

மீண்டும் Q அழுத்தி வெளியே வந்ததும் Select > Save Selection கொடுங்கள். தேர்வை விட்டுவிட்டால் குயிக் மாஸ்க் தானாக எங்கும் சேமித்து வைக்காது. பிறகு லேயர் மாஸ்க் போடுங்கள். இருண்ட பின்னணியில் வைத்தால் இறகோரத்தில் வானத்தின் வெளிறல் தெரியும். மேலே ஒரு புது லேயரை Multiply மோடில் வைத்து, Ctrl+Alt+G-யால் காவடி லேயரோடு பிணைத்து, இறகிலிருந்தே எடுத்த நிறத்தை அந்த ஓரத்தில் மட்டும் தடவினால் அடங்கிவிடும்.