கேலி எங்கே சுடுகிறது?

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் பள்ளித் தோழிகள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. எங்களில் ஒருத்தி காலை வாக்கிங் முதல் இரவு தோசை வரை ஸ்டேட்டஸ் போடுவாள், நடுவே நாலைந்து செல்ஃபி. 'இன்னைக்குக் கோலத்துக்கு எத்தனை புள்ளி?' என்று கேட்போம், அவளும் சிரிப்பாள். போன மாதம் ஒருத்தி அவளுடைய புடவை செல்ஃபியை ஸ்டிக்கராக்கி, 'வேற வேலையே இல்லையா?' என்று எழுதிப் போட்டாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மாமியாரைக் கவனிக்க வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவள் அவள். அன்றிலிருந்து ஸ்டேட்டஸும் இல்லை, குரூப்பில் பேச்சும் இல்லை. தோழிகளுக்குள் கேலிகூடச் செய்யக் கூடாதா? இப்போது போய் மன்னிப்புக் கேட்டால் விஷயம் பெரிதாகிவிடுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கேலி செய்யலாம். உங்கள் கோலப்புள்ளிக் கேலி எனக்கே பிடித்திருக்கிறது. ஒரே நாளில் நிறைய ஸ்டேட்டஸ் போட்டால் படத்தைச் சுற்றியிருக்கும் வட்டம் துண்டு துண்டாகிப் புள்ளிகளாகத் தெரியும். நீங்கள் சிரித்தது அந்தப் புள்ளிகளைப் பார்த்து. அவளும், 'பதினஞ்சு புள்ளி, நேர் வரிசை, நீ வந்து கலர் போடு' என்று திருப்பி அடிக்க அதில் இடம் இருந்தது.

'வேற வேலையே இல்லையா?' என்பதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? 'இருக்கு' என்றால், மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதிலிருந்து துணி மாற்றுவது வரை வரிசையாகச் சொல்லித் தன்னை நிரூபிக்க வேண்டும். 'இல்லை' என்றால் இன்னும் மோசம். அவள் ஸ்டேட்டஸ் போடுவதைத் தாண்டி, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அவள் வாழ்க்கையின் மீதே விழுந்த தீர்ப்பு அது. எழுதியவர் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் படித்தவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது.

கேலி செய்பவரின் எண்ணம் அவருக்குத்தான் தெரியும், கேலிக்கு ஆளானவருக்குத் தெரிவது சொல் மட்டுமே. ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 'விளையாட்டுக்குத்தான்' என்ற நினைப்பு கேலி செய்தவருக்குத் தன் கேலியை மென்மையாகக் காட்டுகிறது, கேட்டவருக்கு அந்த மென்மை போய்ச் சேர்வதில்லை. நேரில் என்றால் குரல் இருக்கிறது, கண் இருக்கிறது, சொல்லிவிட்டுத் தோளில் தட்டுவது இருக்கிறது. ஸ்டிக்கரில் இவை எதுவும் இல்லை. அடியில் எட்டுப் பேரின் சிரிப்பு மட்டும், யார் யார் சிரித்தார்கள் என்ற பெயரோடு.

நம் வீடுகளில் மதினியும் கொழுந்தனும், மாமன் மகளும் அத்தை மகனும் எவ்வளவு ஓட்டிக்கொள்வார்கள்! அது இத்தனை தலைமுறையாக நடப்பதற்குக் காரணம், அடி வாங்கியவருக்கு அடுத்த முறை உண்டு என்பதுதான். நலங்கில் ஒருவர் பாடினால் மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடுவார். அதிலும் விவரம் தெரிந்த மதினி, குழந்தை தங்காத வீட்டில் குழந்தைப் பேச்சை எடுத்துக் கேலி செய்ய மாட்டாள். எங்கே வலி இருக்கிறது என்று தெரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு போவாள். உங்கள் குரூப்பில் அன்றைக்கு இந்த இரண்டும் தவறிவிட்டன.

ஸ்டிக்கர் என்ற வடிவமே தனி ஆபத்து. அவள் தன் ஸ்டேட்டஸில் போட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அவளிடம் இருக்கும். அந்த முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கியதும் கட்டுப்பாடு அவள் கையைவிட்டுப் போகிறது. யாரும் அதைத் தங்கள் போனில் சேமித்து, அவள் இல்லாத வேறு குரூப்பில் தட்டிவிடலாம். அனுப்பியவர் எல்லோருக்குமாக அழிக்க நினைத்தாலும் அதற்கு இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம். ஒரு மாதம் கழித்து நடக்காது. உரையாடலில் அழிந்தாலும் மற்றவர்கள் சேமித்து வைத்தது அப்படியே இருக்கும். தோழியின் முகத்தை அவளைக் கேட்காமல் ஸ்டிக்கராக்குவதை எவ்வளவு நெருங்கிய குரூப்பிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. 'ஸ்டேட்டஸ் போடுவதில்லை' என்கிறீர்கள். அவள் போடுவதை நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஒன்பது பேரில் அவள் போக மற்ற எட்டுப் பேருக்கும் தெரியாதபடி ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. தயவுசெய்து வேறு யார் போனிலாவது அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். எப்படியானாலும் செய்தி ஒன்றுதான்: உங்கள் முன்னால் தன்னைக் காட்டிக்கொள்ள அவளுக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

இந்த நிலை வருவதற்கு முன்பே அடையாளங்கள் தெரிந்திருக்கும். பழைய செய்திகளைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். திருப்பிக் கலாய்த்துக்கொண்டிருந்தவள், எந்த நாளிலிருந்து வெறும் சிரிப்புப் பொம்மையோடு நிறுத்திக்கொண்டாள்? 'சும்மா போட்டேன்பா', 'பொண்ணு எடுத்தா, அதான்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தது எப்போது? காரணம் சொல்லத் தொடங்கிய இடத்தில் கேலி முடிந்துவிட்டது, விசாரணை தொடங்கிவிட்டது.

சரி, மன்னிப்பு. கேளுங்கள், குரூப்பில் வேண்டாம். அங்கே கேட்டால் எட்டுப் பேர் முன்னால் அவள் 'பரவாயில்லை' என்று சொல்லியே ஆக வேண்டும். மாமியார் மதியம் தூங்கும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்போது கூப்பிடுங்கள். ஸ்டிக்கர் போட்டவருக்காக நீங்கள் பேச வேண்டாம், உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: 'அந்த ஸ்டிக்கருக்கு நானும் சிரிச்சேன்டி. உன் வீட்டு நிலைமை தெரிஞ்சும் சிரிச்சேன், தப்பு.' இவ்வளவு போதும். 'உனக்கு வருத்தமா இருந்தா' என்று ஆரம்பிக்காதீர்கள், வருத்தம் அவளுடைய குறைபாடு போல ஆகிவிடும். 'ஏன் இப்பல்லாம் ஸ்டேட்டஸ் போடறதில்ல?' என்றும் கேட்காதீர்கள். அதுவே அடுத்த கேலி போலக் காதில் விழும். அப்புறம், ஸ்டிக்கரைப் பற்றிக் குரூப்பில் சொல்லட்டுமா என்று அவளிடமே கேளுங்கள். சரி என்றால், 'சேமிச்சு வச்சவங்க எடுத்துடுங்க, இனிமே நம்ம யார் முகத்தையும் ஸ்டிக்கர் ஆக்க வேண்டாம்' என்று ஒரு வரி. வேண்டாம் என்றால் அதைப் போட்டவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு முப்பது ஸ்டேட்டஸ் பார்க்க அலுப்பாக இருப்பதும் நியாயம்தான். அந்த அலுப்பு பல நேரம் கேலி வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. அலுப்புக்கு வழி, ஸ்டேட்டஸ் பட்டியலில் அவள் பெயரை அழுத்திப் பிடித்து ம்யூட் செய்வது. அவளுக்கு எந்தத் தகவலும் போகாது. வாரத்துக்கு ஒருமுறை நீங்களாகப் போய்ப் பார்த்து, பிடித்த ஒன்றுக்குப் பதில் எழுதலாம். பகலெல்லாம் ஒரு நோயாளியோடு வீட்டுக்குள் இருப்பவளுக்கு, யார் பார்த்தார்கள் என்ற அந்தப் பட்டியல்தான் அன்றைக்குக் கிடைக்கும் வெளியுலகமாக இருக்கக்கூடும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதைப் போடுகிறாள், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை தெரிகிறது என்று உண்மையான கவலை இருந்தால், கேலியில் சுற்றி வைக்காமல் தனியாக நேராகச் சொல்லிவிடுங்கள்.

அவள் போனை எடுக்கவில்லை என்றால் இதையே ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிட்டு விடுங்கள். கேட்டுவிட்டாளா என்று மறுநாள் நினைவுபடுத்த வேண்டாம், வேறு தோழியைத் தூது அனுப்பவும் வேண்டாம். சில வாரங்கள் ஆகட்டும். மறுபடி ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தால், எட்டுப் பேரும் ஒரே நாளில் இதயமாகக் கொட்டாதீர்கள். பேசி வைத்துச் செய்தது அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.