ஒரே டாலரை இரண்டு முறை செலவழிக்க முடியாது

கேள்வி: நம்மிடம் 65,000 கோடி டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி கையிருப்பு இருக்கிறது என்கிறார்கள். அதை எடுத்து ரோடு, ஆஸ்பத்திரி கட்டினால் என்ன? இல்லை, நார்வே மாதிரி வெளிநாட்டு ஷேர்களில் போட்டுச் சம்பாதித்தால் என்ன?

மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன தீபாவளிக்கு துபாயிலிருந்து வந்திருந்த அக்கா மகன், இலையில் உட்கார்ந்தபடியே இதைத்தான் கேட்டான். அவன் மேலூருக்கு அனுப்பும் பணத்தை வைத்தே அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அவன் 1,000 டாலர் அனுப்புகிறான். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த டாலர் மேலூருக்கு வருவதே இல்லை. நம் வங்கி வெளிநாட்டு வங்கி ஒன்றில் வைத்திருக்கும் கணக்கில் போய் உட்காரும். அக்கா கணக்கில் 85,000 ரூபாய் ஏறும். வங்கி அந்த டாலரைச் சந்தையில் விற்கும். எண்ணெய் இறக்குமதி செய்கிறவர் வாங்கிக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது, கையிருப்பில் ஒரு டாலர்கூட ஏறாது. சந்தையில் டாலர் குவிந்து, ரூபாய் மதிப்பு சட்டென்று ஏறி ஏற்றுமதிக்காரர்கள் அடிபடுவார்கள் என்ற நிலை வந்தால்தான் ரிசர்வ் வங்கி உள்ளே வந்து வாங்கும்.

எந்தப் பணத்தில் வாங்கும்? வரிப் பணத்தில் இல்லை. புதிதாக 85,000 ரூபாயை உருவாக்கி அந்த வங்கியின் கணக்கில் வரவு வைக்கும். ஆக, ரிசர்வ் வங்கியின் புத்தகத்தில் ஒரு பக்கம் 1,000 டாலர் சொத்து, மறுபக்கம் 85,000 ரூபாய் பொறுப்பு. அக்கா அந்த ரூபாயில் மாடியில் ஒரு அறை கட்டிவிட்டாள்.

"சரி மாமா, அந்த ஆயிரம் டாலர் சும்மாதானே கிடக்கு, அதை எடுத்து மேலூர் ரோட்டைப் போடலாமே?" என்றான்.

போடலாம். ஆனால் ஜல்லிக்காரரும் கொத்தனாரும் டாலரில் கூலி வாங்க மாட்டார்கள். ரூபாயாக மாற்ற வேண்டும். யாரிடம்? ரிசர்வ் வங்கியிடமே என்றால், ஏற்கனவே தன் கையில் இருக்கும் டாலருக்கு அது இன்னொரு 85,000 ரூபாய் அச்சடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு டாலரே தேவையில்லை, நேராக அச்சடித்துவிடலாம். சந்தையில் விற்றால் கையிருப்பு குறையும். வரும் ரூபாய் பழைய பொறுப்பை அடைத்துவிடும். மிஞ்சுவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அந்த டாலர் அக்காவின் மாடி அறைக்காக ஒருமுறை செலவாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதை டில்லியிலும் பேசிப் பார்த்தார்கள். 2004-ல் திட்டக்குழுத் துணைத் தலைவராக இருந்த மான்டெக் சிங் அலுவாலியா, கையிருப்பில் ஒரு பகுதியைக் கட்டமைப்புக்குப் பயன்படுத்தலாம் என்றார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் 2008-ல் லண்டனில் அரசு நிறுவனம் ஒன்றின் கிளை நிறுவனம் தொடங்கினார்கள். அது ரிசர்வ் வங்கியிடம் டாலர் கடன் வாங்கி, இங்கே கட்டமைப்பு வேலை செய்யும் கம்பெனிகள் வெளிநாட்டில் இயந்திரம் வாங்கக் கடன் கொடுக்கும். கவனியுங்கள், வெளிநாட்டில் வாங்கும் இயந்திரத்துக்கு மட்டும். கட்டமைப்பு வேலையில் டாலரை டாலராகவே செலவழிக்கும் இடம் அது ஒன்றுதான்.

கையிருப்பு வைத்திருக்கச் செலவும் உண்டு. புதிதாக இறங்கிய ரூபாய் வங்கிகளில் தங்கினால் கடன் பெருகி விலைவாசி ஏறும். அதனால் ரிசர்வ் வங்கி தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களை விற்று அந்த ரூபாயைத் திரும்ப உறிஞ்சும். 2004-ல் டாலர் கொட்டியபோது கைவசப் பத்திரம் போதாது என்று இதற்கென்றே தனியாகப் பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. விற்ற பத்திரம் தந்திருக்கும் வட்டி ஆறு ஏழு சதவீதம். வாங்கிய டாலரை அமெரிக்க அரசின் குறுகிய காலப் பத்திரத்தில் போட்டால், 2021-ல் கால் சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. நடுவில் உள்ள இடைவெளி நம் நஷ்டம். ரூபாய் மதிப்பு வருஷக் கணக்கில் சரிவதால், பழைய விலைக்கு வாங்கிய டாலரை விற்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. 2025-ல் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு 2.69 லட்சம் கோடி ரூபாய் உபரி கொடுத்ததற்கு இப்படி விற்ற டாலரும் ஒரு காரணம்.

அப்புறம் நார்வே. அங்கே 1969-ல் கடலில் எண்ணெய் கிடைத்தது. அதில் வரியாகவும் லாபமாகவும் வருவது அரசுக்கே சொந்தமான வருமானம், எதிர்ப்பக்கத்தில் யாருக்கும் தர வேண்டிய பாக்கி இல்லை. அதைச் சேர்த்து வைக்க அரசே ஒரு நிதியை ஏற்படுத்தி, 1996-ல் முதல் தொகையைப் போட்டார்கள். உள்நாட்டில் செலவழித்தால் விலைவாசி ஏறும், மற்ற தொழில்கள் நசியும் என்று முழுக்க வெளிநாட்டில் மட்டும் முதலீடு செய்கிறார்கள். சுமார் 70 சதவீதம் ஷேர், மிச்சத்தில் பெரும்பகுதி கடன் பத்திரம், கொஞ்சம் கட்டடங்கள். நீண்ட காலத்தில் நிதி ஈட்டும் என்று எதிர்பார்க்கும் 3 சதவீதத்தை மட்டும் பட்ஜெட்டுக்கு எடுப்பது விதி. நம் கதை வேறு. 2025 மார்ச் கடைசியில் நம் கையிருப்பு சுமார் 66,800 கோடி டாலர், நாட்டின் மொத்த வெளிக்கடன் சுமார் 73,600 கோடி டாலர். நகைச் சீட்டு நடத்தும் தெற்காவணி மூல வீதிக் கடைக்காரர், கல்லாவில் இருக்கும் சீட்டுப் பணத்தைத் தன் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

2022-ஐப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்த வருஷம் நார்வே நிதிக்கு 14 சதவீத நஷ்டம். யாரும் அலறவில்லை, நாளைக்கே எடுக்க வேண்டிய பணம் இல்லையே. அதே வருஷம் எண்ணெய் விலை ஏறி, முதலீட்டாளர்கள் வெளியேற, ரிசர்வ் வங்கி டாலரை விற்றுக்கொண்டே இருந்தது. அந்தப் பணம் ஷேரில் இருந்திருந்தால், அடிமாட்டு விலைக்கு விற்றுத்தான் ரூபாயைத் தாங்கியிருக்க வேண்டும். அதனால்தான் பெரும்பகுதி வெளிநாட்டு அரசுப் பத்திரங்களிலும், மற்ற நாட்டு மத்திய வங்கிகளின் டெபாசிட்டிலும், கொஞ்சம் தங்கத்திலும் கிடக்கிறது. முதலில் பாதுகாப்பு, அடுத்து உடனே காசாகும் வசதி, வருமானம் கடைசியில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசர்வ் வங்கி வெளியிடும் கையிருப்பு எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அதில் ஏற்ற இறக்கம் எல்லாமே வாங்கியதும் விற்றதும் இல்லை. கையிருப்பில் யூரோவும் யென்னும் இருக்கின்றன. டாலருக்கு எதிராக அவை விழுந்தால், ஒன்றும் விற்காமலேயே மொத்தம் குறைந்து காட்டும். 2022-ல் டாலர் விற்றதும் உண்டு, ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி இப்படி மதிப்பு மாறியதால்தான்.

எண் பெரிதாக இருந்து கையில் காசு இல்லாமல் போவதும் உண்டு. நம் மதுரையிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. 2022 மார்ச் கடைசியில் இலங்கை காட்டிய கையிருப்பு சுமார் 190 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 150 கோடி சீன மத்திய வங்கி கொடுத்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிபந்தனை. அந்த அளவு கையிருப்பு இருந்தால் யுவானே தேவைப்பட்டிருக்காது! ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில், எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்றார்.