இருப்பைக் காட்டாத தாளும் மூன்றாவது எண்ணிக்கையும்

"குடோனில் ஸ்டாக் எடுக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள். கணக்கு இருப்பைக் காட்டாமல் எண்ணும் தாள் எப்படித் தயாரிப்பது? எந்த வித்தியாசத்துக்கு மறுபடி எண்ணச் சொல்வது?"

இப்போது உங்கள் ஆட்கள் கையில் இருக்கும் தாளில் இருப்பு அச்சாகித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த பேரிங் குடோனிலும் அப்படித்தான். ஒரு மார்ச் 31, எல்லா வரியிலும் டிக். ஆடிட்டர் வந்து ஓர் அலமாரியைக் கைகாட்டினார். 6205 என்ற மாடல் பேரிங், பெட்டிக்கு 10, கணக்கில் 240. அலமாரியில் 24 பெட்டி இருந்தது. தூக்கிப் பார்த்தால் ஐந்து காலி, ஒன்றில் ஏழுதான். பையன்களைத் திட்டாதீர்கள். 240 என்று படித்துவிட்டு 24 பெட்டியைப் பார்த்தால் யாருக்கு எண்ணத் தோன்றும்?

அன்று மாலையே தாளை மாற்றினேன். இருப்பை எடுத்துவிட்டேன். ஆனால் முதல் தாளில் ஒருவர் 19 என்று எழுதினார், இன்னொருவர் 187 என்றார். பெட்டிக் கணக்கா, பேரிங் கணக்கா? அதனால் முழுப் பெட்டி, பெட்டிக்கு எத்தனை, உதிரி என்று மூன்று கட்டம் போட்டேன். பெருக்கிக் கூட்டுவது ஆபீஸ் வேலை. கணக்கில் பூஜ்யமாக இருக்கும் பொருளும் தாளில் வரவேண்டும். விட்டுவிட்டால் அதுவே துப்பாகிவிடும். பொருள் இல்லையென்றால் 0 என்று எழுதவேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் எண்ணவே இல்லை என்று அர்த்தம். தாளுக்கு வரிசை எண் போட்டுக் கொடுங்கள், அத்தனையும் திரும்பி வந்ததா என்று பாருங்கள்.

மறு எண்ணிக்கைக்கு எங்கள் அளவு: வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்த வித்தியாசத்தின் மதிப்பு ₹2,000-ஐத் தாண்டினாலோ வேறொரு ஆள் எண்ணவேண்டும். முதல் எண் அவருக்குத் தெரியக்கூடாது. வித்தியாசம் வந்த பொருளை மட்டும் அனுப்பினால் 'இதில் தப்பு' என்று அவருக்குப் புரிந்துவிடும்; அதனால் சரியாக வந்த சிலவற்றையும் கலந்து அனுப்புவேன். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அதுவே முடிவு, கணக்கு என்ன சொன்னாலும் சரி. ஒத்துப்போகாவிட்டால்தான் மூன்றாவது ஆள்.

6205-க்கு இரண்டாவது ஆளும் 187 என்றார். 53 குறைவு, ஒன்று ₹150 என்றால் ₹7,950. முதலாளி "இன்னொரு தடவை எண்ணு, கிடைக்கும்" என்றார். நான் மறுத்தேன். 240 வரும்வரை எண்ணச் சொன்னால் 240 வந்துவிடும், அவ்வளவுதான். டெலிவரி சலான் கட்டைப் புரட்டினேன். மார்ச் 30-ல் வெளிப்பெட்டியைப் பிரித்து 50 அனுப்பியிருக்கிறார்கள், பில் போடவில்லை. எண்ணத் தொடங்கும்முன் கடைசி சலான் எண்ணைக் குறித்து, அதுவரைக்கும் பதிவாகிவிட்டதா என்று பார்த்திருந்தால் அந்த அலைச்சலே இல்லை. மீதி மூன்றைக் குறைவு என்று பதிந்தோம்.

ஸ்கேனர் வைத்தால் இதெல்லாம் தேவையா என்று கேட்க வருவார்கள். அதன் திரையில் இருப்பு தெரிந்தால் அதுவும் பழைய தாள்தான் ஐயா.

அந்த வருடம் பாராட்டு சாஃப்ட்வேர் போட்டவருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை எண்ணிய பையன்களுக்கு இரண்டு டீ. ஓவர்டைம் இன்னும் வரவில்லை.