0.9% சலைன் எப்படி 154 ஆகிறது, 308 ஆகிறது?

"நார்மல் சலைன் 0.9% என்கிறார்கள். பாட்டிலில் சோடியம் 154, ஆஸ்மோலாரிட்டி 308 என்று போட்டிருக்கிறது. 0.9-இலிருந்து இந்த எண்கள் எப்படி வருகின்றன?"

பார்மசி மாணவர்களுக்குப் பல வருடங்களாக இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறேன். பிழை பெரும்பாலும் முதல் அடியிலேயே நுழைந்துவிடுகிறது.

இங்கே 0.9% என்றால் 100 மில்லி கரைசலில் 0.9 கிராம் உப்பு. லிட்டருக்கு 0.9 கிராம் இல்லை. மோலாரிட்டி லிட்டர் கணக்கு என்பதால் பத்தால் பெருக்க வேண்டும்: லிட்டருக்கு 9 கிராம். இன்னொன்று, 100 மில்லி தண்ணீரை அளந்து அதில் உப்பைப் போடுவதில்லை. உப்பைக் கரைத்த பிறகு மொத்தமும் 100 மில்லி வரும்படி தண்ணீர் சேர்ப்பார்கள்.

அடுத்து மோல். சோடியம் 22.99, குளோரின் 35.45, கூட்டினால் NaCl-இன் மோலார் நிறை 58.44 கிராம். 9 ÷ 58.44 = 0.154. அதாவது லிட்டருக்கு 0.154 மோல், மில்லிமோலில் 154. உங்களுக்கு 0.0154 வந்தால், பத்தால் பெருக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, 308? உப்பு தண்ணீரில் NaCl ஆகவே இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி என்று பிரிந்துவிடும். 154 மில்லிமோல் உப்பு போட்டால் 154 சோடியம், 154 குளோரைடு, ஆக 308 மில்லிமோல் துகள்கள். சவ்வூடு பரவலுக்குத் துகள் எது என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதுதான் கணக்கு. அதனால்தான் பாட்டிலில் 308 மில்லி ஆஸ்மோல் என்று இருக்கிறது.

இரண்டால் பெருக்குவதைப் பழக்கமாக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் செய்துவிடாதீர்கள். 5% குளுக்கோஸை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிராம். நீர் சேராத குளுக்கோஸின் மோலார் நிறை 180. வகுத்தால் சுமார் 278 மில்லிமோல். குளுக்கோஸ் அயனிகளாகப் பிரியாது, அதனால் துகளும் அதே 278தான். பெருக்கும் முன் இந்தப் பொருள் தண்ணீரில் எத்தனையாகப் பிரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் குளோரைடு என்றால் மூன்று.

அப்புறம், கவனமான மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி: ரத்த பிளாஸ்மா ஏறக்குறைய 275 முதல் 295 வரைதானே, 308 எப்படிப் பொருந்தும்? 308 என்பது அயனிகள் முழுக்கத் தனித்தனியாகச் செயல்படுவதாக வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுப்பதால் அவற்றின் விளைவு கொஞ்சம் குறைகிறது. உப்புக்கு இந்தத் திருத்தக் காரணி சுமார் 0.93. 308-ஐ அதால் பெருக்கினால் ஏறக்குறைய 286 வரும், பிளாஸ்மாவின் வரம்புக்கு உள்ளேயே. ஆஸ்மோமீட்டரில் வைத்தாலும் 308 காட்டாது, 286-ஐ ஒட்டிய எண்தான் வரும்.

உங்கள் கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில் என்றால், செறிவு மாறாது, அளவு மட்டும் பாதி: 4.5 கிராம் உப்பு, 77 மில்லிமோல் சோடியம். நோயாளிக்கு எவ்வளவு சோடியம் போனது என்று கணக்குப் போடும்போது 77-ஐத்தான் எழுத வேண்டும், 154-ஐ அல்ல.