அப்பத்தாவை ஏன் வாயடைத்தீர்கள்?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை நானும் கூடவே உட்கார்ந்து, பிளாஸ்கில் காபி போட்டு வைத்துக்கொண்டு, சமூக அறிவியலைத் திருப்பித் திருப்பிப் படிக்க வைத்தேன். 84 வாங்கினான். ஒரு மாதம் கழித்து, திருப்புதல் தேர்வில் அதே பாடங்களில் 47. எல்லாம் மறந்துபோச்சு என்கிறான். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது. என் மாமியார் மட்டும் சாயங்காலமானால் "முந்தாநாள் என்னமோ சொன்னியே, அது என்னப்பா?" என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தொந்தரவு வேண்டாம் என்று அவர்களை வீட்டின் பின்பக்கம் இரண்டாம் கட்டோடு இருக்கச் சொல்லிவிட்டேன். ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் கொடுக்கலாமா?

பதில்:

லேகியம் இருக்கட்டும். மாமியாரை எதற்கு இரண்டாம் கட்டுக்கு அனுப்பினீர்கள்?

பொங்கல் கழிந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளையின் மூளையைப் பற்றி எழுதுவார்கள், தூக்கத்தைப் பற்றி எழுதுவார்கள், செல்போனைத் திட்டி எழுதுவார்கள். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் பையனுக்குச் சரியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவரைத்தான் தொந்தரவு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அவர்கள் கேட்ட கேள்வியை நிதானமாகப் பாருங்கள். இன்று படித்ததைக் கேட்கவில்லை, முந்தாநாள் படித்ததைக் கேட்டார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை, வாயால் சொல்லச் சொன்னார்கள். பாதி மறந்த நேரத்தில், பார்க்காமல், மூளையைத் துழாவி எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படி எடுக்கும்போதுதான் அந்தச் செய்தி உள்ளே இன்னும் ஆழமாகப் பதிகிறது.

நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரை செய்தது இதற்கு நேர் எதிர். ஒரே பக்கத்தை அஞ்சாவது தடவை படிக்கும்போது அது பழகிய முகமாகத் தெரியும். அந்தப் பழக்கத்தைப் பிள்ளை ஞாபகம் என்று நினைத்துக்கொள்கிறான், நீங்களும் நினைத்துக்கொள்கிறீர்கள். மறுநாள் காலையில் 84 வந்தது உண்மைதான். விடிய விடியப் படித்தது மறுநாளைக்கு உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஏமாற்றமே அங்கேதான் இருக்கிறது. மறுநாள் பலன் தெரிவதால், வீட்டில் எல்லோரும் அதையே படிப்பு என்று நம்பிவிடுகிறோம். 47-தான் உங்களுக்கு உண்மையைச் சொன்ன மார்க்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நான்கு தடவையும் அதைப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதியவர்கள் 61-ல் நின்றார்கள். உங்கள் மகனின் 84-ம் 47-ம் இதே கதைதான்.

இடைவெளி விட்டுப் படிப்பதைப் பற்றி இதற்கும் வெகு முன்னால், 1885-லேயே, எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் எழுதிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தனக்குத் தானே மனப்பாடம் செய்து சோதித்தவர் அவர். ஒரே நாளில் 68 முறை அடுத்தடுத்துச் சொல்லிப் பதிய வைத்ததற்கு ஈடான பலன், மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்தது. கிட்டத்தட்டப் பாதி உழைப்பு. தூக்கத்தைக் கெடுத்து நீங்கள் வாங்கிக் கொடுத்தது ஒரு மாதம்கூடத் தாங்காத படிப்பு என்றால், அதைத் தியாகம் என்று என்னால் பாராட்ட முடியாது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். நம் பக்கத்துப் பத்திரிகை நல்ல கெட்டி அட்டை. அச்சில்லாத பக்கங்களைச் சீட்டு அளவுக்கு வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். அப்பத்தா படிக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஐந்து டப்பாக்களை வரிசையாக வையுங்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. செலவு ஒன்றும் கிடையாது.

உங்கள் பையன் பாடத்திலிருந்தே ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். "மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர் எது, ஆண்டு எது?" பின்பக்கம்: திருப்பத்தூர், 1801. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற திருப்பத்தூர். திங்கட்கிழமை அவன் பாடத்தைப் புரிந்து படித்து, இந்த அட்டையைத் தன் கையால் எழுதி முதல் டப்பாவில் போடுகிறான். செவ்வாய் சாயங்காலம் அப்பத்தா கேட்கிறார்கள். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் டப்பாவுக்குப் போகும். அங்கே போனதை மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும். சரியென்றால் மூன்றாம் டப்பா, ஒரு வாரம் கழித்துக் கேள்வி. அதுவும் சரியென்றால் நான்காம் டப்பா, இரண்டு வாரம். பிறகு ஐந்தாவது, ஒரு மாதம். அடுத்துக் கேட்க வேண்டிய தேதியை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டால் குழப்பம் வராது. கூட்டிப் பாருங்கள், 55 நாளில் ஐந்தே தடவை கேட்டிருக்கிறோம். ஒரு தடவைக்குப் பத்து விநாடி என்றால் மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பையன் "1799" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை நேராக முதல் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும், மறுநாளே மறுபடி கேள்வி. இதில் இரக்கம் காட்டக் கூடாது. ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1799 கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு. அவன் மறக்கவில்லை, இரண்டு தூக்குத் தண்டனையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டான். அந்த ஒரே அட்டையைப் பத்து தடவை சொல்ல வைத்துப் பயனில்லை. "1799, கயத்தாறு: யார்?" என்று ஒன்று, "1806-ல் சிப்பாய்கள் கிளர்ந்த கோட்டை எது?" என்று வேலூருக்கு ஒன்று, இப்படித் தனித்தனியாக எழுதி மூன்றையும் கலைத்துக் கேட்டால் குழப்பம் தெளியும். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரிப் படிப்பில் இந்தக் குழப்பம் வெளியே தெரிவதே இல்லை, பரீட்சைத் தாளில்தான் தெரிகிறது.

பெரும்பாலான வீடுகளில் இந்த முறை கெட்டுப்போவது ஆசையால். முதல் ஞாயிற்றுக்கிழமையே நூறு அட்டை எழுதுவார்கள். அடுத்த வாரம் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்து நிற்கும், பிள்ளை டப்பாவை மூடி வைத்துவிடுவான். ஒரு நாளைக்குப் பத்து புதிய அட்டை போதும். இரண்டு மூன்று வாரத்தில் தினமும் கேட்க வேண்டியது நாற்பது ஐம்பது ஆகும், கால் மணி நேர வேலை. கல்யாணம், படைப்பு என்று இரண்டு நாள் விட்டுப்போனால், பாக்கியைத் தீர்த்த பிறகுதான் புதியது எழுத வேண்டும்.

அட்டையும் சின்னதாக இருக்க வேண்டும். "தென்னிந்தியப் புரட்சி பற்றி எழுதுக" என்பது அட்டை ஆகாது. பாதி சொன்னால் சரியா தப்பா என்று அப்பத்தா எப்படித் தீர்மானிப்பார்கள்? ஒரு அட்டைக்கு ஒரு விஷயம். பத்துக்கு எட்டு ஒன்பது சரியாக வந்தால் இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. பத்தும் யோசிக்காமல் வந்தால் அடிக்கடி கேட்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்தாறு தப்பினால் பாடம் முதலில் புரியவேயில்லை, அப்போது டப்பாவை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பையன் "இது தெரியும், இது தெரியும்" என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிடுவான். அதற்காகத்தான் கேட்க இன்னொரு ஆள் வேண்டும் என்கிறேன். வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டை திரும்ப வேண்டும்.

அந்த ஆள் உங்கள் மாமியார்தான். வீட்டிலேயே பெரியவர், பேரனோடு பேச ஆசைப்படுகிறவர், அவசரமில்லாதவர். பதில் பின்னால் எழுதியிருக்கிறது, பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் மார்க்குக்காகப் பெரியவரைப் பேசாதே என்று சொல்கிற வீட்டில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது சமூக அறிவியல் மட்டுமா? நாளைக்கு அவன் உங்களை எந்தக் கட்டுக்கு அனுப்புவான்? கோபமாகத்தான் கேட்கிறேன். இன்றைக்கே போய், "தப்புப் பண்ணிட்டேன், நீங்கதான் இவனைக் கேக்கணும்" என்று சொல்லுங்கள். சொல்லிக் கூட்டிவந்து வளவில் உட்கார வைத்த பிறகு அட்டை வெட்டலாம்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. ஆண்டு, ஊர், பெயர், அறிவியல் வரையறை, ஆங்கிலச் சொல், வாய்ப்பாடு ஆகியவற்றுக்குச் சரி. கணக்கில் சூத்திரத்தை அட்டையில் வைக்கலாம், கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். வரைபடத்தில் இடம் குறிக்க வெற்று வரைபடத்தில் கை பழக வேண்டும். ஐந்து மார்க் நெடுவினாக்களில் வாரத்துக்கு இரண்டையாவது முழுதாக எழுதிப் பார்க்கட்டும். அட்டையில் நிற்கிற செய்திகள் அங்கே கைக்கு வந்து உதவும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய அட்டையை நிறுத்திவிடுங்கள். கடைசியில் எழுதிய அட்டைக்கும் மறுநாள், நான்காம் நாள், பதினோராம் நாள் என்று மூன்று சுற்றாவது கிடைத்துவிடும். கடைசி வாரத்தில் தேதி பார்க்காமல் எல்லா டப்பாவையும் ஒரு சுற்று கேட்டு, தவறியதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். முதல் நாள் சாயங்காலம் அந்தத் தவறியதை மட்டும் ஒரு தடவை கேட்டால் போதும். பத்து மணிக்கு அவன் படுத்துவிட வேண்டும், நீங்களும்தான்.