கணக்கறிக்கையா, சார்ட்டா: பரந்தனிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: ஐயா, நான் பரந்தனில் நெல் ஆலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சேமலாப நிதிக் காசு 6 லட்சம் இருக்கிறது. பங்குகளில் போட விருப்பம். கம்பனியின் கணக்கறிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன் நான். போன் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி, விலை ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் சார்ட்டைத் தவிர வேறொன்றையும் நம்பமாட்டான். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் 4 லட்சத்தை நிலையான வைப்பிலோ திறைசேரி உண்டியலிலோ போட்டுவிடுங்கள். ஓய்வுக்காலக் காசு அது. மீதி 2 லட்சத்தைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

இந்த வாரம் உங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் பேச வைத்தேன் அல்லவா? அந்தப் பேச்சு மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் அதையே எழுதுகிறேன். உங்களைக் கணக்கர் என்றும் அவரைக் கடைக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். கம்பனிப் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

கணக்கர்தான் தொடங்கினார். "பங்கு 48 ரூபா. பங்கொன்றுக்கான உழைப்பு 8 ரூபா. ஆறு வருட இலாபத்தில் போட்ட காசு திரும்பிவிடும். இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?"

"ஒரு வருடத்துக்கு முன் 70 ரூபா விற்ற பங்கு மச்சான் அது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் முந்தின உச்சியைத் தொடாமலே இறங்குது. விக்கிறவனுக்கு ஏதோ தெரியும்."

"இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்குது என்று பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கிறோம்? வானத்தைப் பார்த்தா பிரிக்கிறோம்?"

"தண்ணி நிறைய இருந்த வருடமும் வெட்டுற கிழமை மழை கொட்டினால் என்ன செய்வாய்?"

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். கணக்கரை அந்தக் கம்பனியின் காசுப் பாய்ச்சல் கூற்றை, அதாவது காசு உண்மையில் வந்துபோனதைக் காட்டும் பக்கத்தை, திறக்கச் சொன்னேன். அதன் முதல் வரி வரிக்கு முந்திய இலாபம். அதற்குக் கீழே சில தொகைகளைக் கூட்டியும் கழித்தும் இருப்பார்கள். அங்கே 'முதலீட்டு ஆதனங்களின் நியாயப் பெறுமதி இலாபம்' என்று ஒரு பெரிய தொகை கழிக்கப்பட்டிருந்தது. கம்பனிக்குச் சொந்தமான காணியின் விலை கூடியிருக்கிறது என்று மதிப்பிட்டு, அந்தக் கூடுதலை இலாபத்தில் சேர்த்திருக்கிறார்கள். கணக்கியல் விதிப்படி அது சரிதான், கள்ளக்கணக்கு இல்லை. ஆனால் காணியை விற்கவில்லை, ஒரு சதமும் உள்ளே வரவில்லை. கணக்கரே கணக்குப் போட்டுப் பார்த்தார். 8 ரூபாவில் 5 ரூபா அந்தக் காணி. வியாபாரம் உழைத்தது 3 ரூபா. 48ஐ 3ஆல் பிரித்தால் 16 வருடம். மலிவு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

நாற்பது வருடம் பேரேடு எழுதிய மனிதர், கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

கடைக்காரருக்குப் பெரிய சந்தோஷம். சார்ட் சரியான காரணத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்பதைக் காட்டியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுவாகக் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட்டால் போதும் என்பது விதி. டிசம்பர் காலாண்டின் கணக்கு பெப்ரவரி நடுப்பகுதியில்தான் உங்கள் கைக்கு வரலாம். அந்த இடைவெளியில் கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் விற்றாலும் வாங்கினாலும் அது விலையில்தான் முதலில் தெரியும்.

அப்புறம் கடைக்காரரின் முறை. அவர் ஒரு சின்னக் கம்பனியின் சார்ட்டை அனுப்பினார். பல மாதமாக 22 ரூபாவைத் தாண்டாத பங்கு ஒரே நாளில் 24க்குப் போயிருந்தது. "தடையை உடைச்சிட்டுது, இனி ஓடும்" என்றார். விலைக்கோட்டின் கீழே நிற்கும் குச்சிகளை, அதாவது எத்தனை பங்கு கைமாறியது என்பதை, வாசிக்கச் சொன்னேன். அன்று கைமாறியது 500 பங்கு. 24 ரூபாப்படி 12,000 ரூபா.

"அப்ப என்ர கடையில ஒரு போன் விக்கிற காசில இந்தக் கோட்டை நானே கீறலாம்!" என்று கணக்கரிடம் சொன்னார் கடைக்காரர். அவராகவே கண்டுபிடித்தது எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்புச் சந்தையில் இது முக்கியமான விஷயம். பல கம்பனிகளில் பெரும்பங்கு ஒரு சில கைகளில் இருக்கும், சந்தையில் புரள்வது கொஞ்சம்தான். பலர் வாங்கி விற்ற தடம்தான் சார்ட். பலர் இல்லாத இடத்தில் அது வெறும் கோடு. அந்தப் பங்கு சராசரியாக ஒரு நாளைக்கு 400தான் கைமாறுகிறது. 2 லட்சத்துக்கு வாங்கினால் 8,300 பங்கு வரும். விற்க நினைக்கும்போது சந்தையில் நீங்கள் ஒருவரே விற்றாலும் இருபது நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் விலை எங்கே போயிருக்குமோ!

கடைக்காரர் கவனிக்காத இன்னொன்று கட்டணம். வாங்கும்போது சுமார் 1.12 சதவீதம், விற்கும்போது அதேயளவு. வருடத்துக்குப் பத்து முறை புரட்டினால் 22 சதவீதம் கட்டணத்துக்கே போய்விடும்.

இருவரும் ஒத்துக்கொண்ட பங்கு மூன்றாவது. விலை 36. உழைப்பு 4.50, அது காசாகவும் உள்ளே வந்திருந்தது. நாளொன்றுக்கு 40,000 பங்கு கைமாறுகிறது. ஆறு மாதத்தில் மூன்று முறை 33 வரை இறங்கி மூன்று முறையும் ஏறியிருக்கிறது. ஆகவே 32க்குக் கீழே போனால் நிலைமை மாறிவிட்டது என்று எடுக்கலாம். 10,000 ரூபா வரை இழப்பைத் தாங்கலாம் என்றார் கணக்கர். 36க்கும் 32க்கும் இடையில் 4 ரூபா. அப்படியானால் 2,500 பங்கு, 90,000 ரூபா. இரு பக்கக் கட்டணத்தையும் சேர்த்தால் இழப்பு 12,000 அளவில் வரும்.

கடைசிச் சண்டை இங்கேதான். "32க்கு வந்தால் இன்னும் மலிவுதானே, நான் ஏன் விற்க வேண்டும்? கூட வாங்குவேன்." "இதே கதையைத்தான் அந்த 48 ரூபாப் பங்கிலையும் சொன்னாய்."

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கணக்கரே, 32 வந்தால் உடனே வாங்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விற்கவும் வேண்டாம். அன்றே கடைசிக் காலாண்டுக் கணக்கையும் கம்பனி சந்தைக்குக் கொடுத்த அறிவிப்புகளையும் எடுத்து வாசியுங்கள். முழுச் சந்தையும் இறங்கியதால் இதுவும் இறங்கியிருந்தால் வைத்திருக்கலாம். இது மட்டும் இறங்கி, காரணமும் பிடிபடாவிட்டால் பாதியை விற்றுவிடுங்கள். கடைக்காரர் கணக்கே பார்க்காமல் வாங்கும் பங்கு வேறு. அவருக்குக் கோடு ஒன்றுதான் காரணம், அது உடைந்தால் கேள்வியின்றி வெளியேற வேண்டும்.

ஆனால் 32 ரூபாவுக்கே விற்க முடியும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அதே மாதம் 18 முதல் 22 வரை சந்தையே மூடிக் கிடந்தது. அந்த ஐந்து நாளும் நல்ல கணக்கறிக்கை வைத்திருந்தவராலும் சரியான கோடு கீறியவராலும் ஒரு பங்குகூட விற்க முடியவில்லை. அதனால்தான் அந்த 4 லட்சத்தை வெளியே வைக்கச் சொன்னேன்.

90,000 போக மீதியை இப்போதைக்கு வங்கியில் விடுங்கள். அடுத்த காலாண்டுக் கணக்கு வந்ததும் முதலில் காசுப் பாய்ச்சல் பக்கத்தைப் புரட்டுங்கள். கூட்டாளியைக் கீழே நிற்கும் குச்சிகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.